சாவி தர மறுத்த ஊர்: அஃபர்ட் தேவாலயம், 1644

1644 ஆகஸ்ட் 31. இங்கிலாந்தின் கிழக்குக் கரையோர சஃபோக் மாவட்டத்தில் அஃபர்ட் என்ற சிற்றூர். தேவாலய வாசலில் வில்லியம் டவ்சிங் தன் ஆட்களோடு நிற்கிறார். ஆலய உருவங்களை அகற்றச் சொல்லும் நாடாளுமன்ற ஆணை கையில் இருக்கிறது, சுத்தியலும் ஏணியும் இருக்கின்றன. கதவு பூட்டியிருக்கிறது. சாவியை யாரும் தரமாட்டேன் என்கிறார்கள்.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் அவர் வெளியே காத்திருந்தார். இதை நமக்குச் சொல்வது ஊர்க்காரர்களின் கதை அல்ல, டவ்சிங்கின் சொந்த நாட்குறிப்பு. சாவி தராதவர்களின் பெயர்களை அவரே வரிசையாகக் குறித்து வைத்திருக்கிறார்: பழைய ஆலயக் காப்பாளர் வில்லியம் பிரவுன், ஊர்க் காவலர் ஜேம்ஸ் டோக்லவ், கோயில்பிள்ளை வில்லியம் கார்டனர். சாமுவேல் கேனம் என்ற இன்னொருவர், தேவாலயத்தைக் கொள்ளையடிக்க டவ்சிங் ஆள் அனுப்பினார் என்று முகத்துக்கு நேரே சொன்னாராம். அதையும் அப்படியே எழுதியிருக்கிறார்.

உருவ உடைப்பின் வரலாற்றில் இப்படியொரு ஆவணம் கிடைப்பது அபூர்வம். உடைக்கப்பட்டவர்கள் தரப்புப் புலம்பல்கள் ஏராளம் உண்டு. உடைத்தவரே ஊர் ஊராக, நாள் போட்டு, எண்ணிக்கையோடு எழுதிய கணக்கு மிகக் குறைவு. டவ்சிங்கின் ஏடு கேம்பிரிட்ஜ்ஷயரிலும் சஃபோக்கிலும் 250-க்கும் மேற்பட்ட ஆலயங்களைத் தொட்டுச் செல்கிறது. அவர் கைப்பட எழுதிய மூலம் தொலைந்துபோய்விட்டது. நம்மிடம் இருப்பவை மற்றவர்கள் எடுத்த படிகளே.

அவர் வாசல்வரை வந்த காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1642-இல் மன்னர் முதலாம் சார்லஸுக்கும் நாடாளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் தொடங்கியது. அதற்கு முந்தைய பத்தாண்டில் பேராயர் லாட், பலிபீடத்தை உயர்த்திக் கட்டவும் அதைச் சுற்றிக் கம்பித் தடுப்பு போடவும் ஆலயங்களை வற்புறுத்தியிருந்தார். திருச்சபையில் கத்தோலிக்க மிச்சம் எதுவும் கூடாது என்ற பியூரிட்டன்களுக்கு இது கத்தோலிக்கத்தைப் பின்வாசல் வழியாகக் கொண்டுவரும் வேலையாகத் தெரிந்தது. அவர்களுக்கு பைபிளின் பத்துக் கட்டளைகளில் இரண்டாவது போதும்: "ஒரு சொரூபத்தையாகிலும் யாதொரு விக்கிரகத்தையாகிலும் நீ உனக்கு உண்டாக்க வேண்டாம்." 1643 ஆகஸ்ட் 28-இல் நாடாளுமன்றம் ஆணை பிறப்பித்தது. சிலுவைகள், பாடுபட்ட சுரூபங்கள், பிதா, சுதன், பரிசுத்த ஆவி எனும் திரித்துவத்தின் ஆட்களையோ மரியாளையோ புனிதர்களையோ காட்டும் உருவங்கள், மூடநம்பிக்கை வாசகங்கள் எல்லாம் நீக்கப்பட வேண்டும். கடைசி இருபது ஆண்டுகளில் உயர்த்திய பலிபீடத் தரை சமமாக்கப்பட வேண்டும். 1644 மே 9-இல் வந்த இரண்டாம் ஆணை, தேவதூதர் உருவங்களையும் ஆர்கன் வாத்தியங்களையும் பட்டியலில் சேர்த்தது.

அந்த ஆணையில் ஒரு விலக்கு உண்டு. மன்னர், பிரபு, அல்லது புனிதர் என்று பொதுவாகக் கருதப்படாத இறந்தவர் எவருடைய நினைவுச் சின்னமானாலும் அதைத் தொடக்கூடாது. எது மிஞ்சியது என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இந்த ஒரு வரியிலேயே இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கிழக்கு மாவட்டங்களின் படைத்தலைவர் மான்செஸ்டர் பிரபு, 1643 டிசம்பர் 19 தேதியிட்ட கடிதத்தின் மூலம் டவ்சிங்கை இந்த வேலைக்கு நியமித்தார். வெறிபிடித்த கும்பல் தலைவன் என்ற சித்திரத்தை இங்கே விட்டுவிட வேண்டும். இவர் வசதியான விவசாயக் குடும்பத்தவர், நிறையப் படிப்பவர், கணக்கில் கறார். ஒரு ஆலயத்துக்கு 6 ஷில்லிங் 8 பென்ஸ் கட்டணம், அதாவது ஒரு பவுனில் மூன்றில் ஒரு பங்கு. அதைக் கொடுக்க வேண்டியது அந்த ஆலயமே. தங்கள் ஆலயத்தை உடைக்க வந்தவருக்குத் தாங்களே கூலி கொடுத்ததைப் பல ஊர்க் கணக்கேடுகள் காட்டுகின்றன.

நாட்குறிப்பை வாசிக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. அன்றைய இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25-இல்தான் பிறந்தது. ஆகவே அவருடைய காலத்துத் தாள்களில் "1643 ஜனவரி" என்று கண்டால் நம் கணக்கில் அது 1644 ஜனவரி. இதைக் கவனிக்காமல் விட்டால், நியமிக்கப்படுவதற்குப் பதினொரு மாதம் முன்பே அவர் உடைக்கக் கிளம்பியதாக ஆகிவிடும்.

பெரிய பொறி வினைச்சொல்லில் இருக்கிறது. அஃபர்டுக்கு அவர் முதலில் வந்தது 1644 ஜனவரி 27. அன்றைய குறிப்பின் சாரம் இது: 30 மூடநம்பிக்கைப் படங்களை உடைத்தோம்; இன்னும் 37-ஐ இறக்கச் சொல்லிவிட்டு வந்தோம்; மரத்தால் ஆன 40 கேருபீன்களை, அதாவது தேவதூதர் உருவங்களை, இறக்க வேண்டும்; பலிபீடத் தரையைச் சமமாக்க வேண்டும்; பித்தளை வாசகங்கள் 6-ஐப் பெயர்த்து எடுத்தோம். "உடைத்தோம்" என்பது ஒன்று, "இறக்கச் சொன்னோம்" என்பது வேறொன்று. முதலாவது நடந்த செயல், இரண்டாவது வெறும் உத்தரவு. அந்த உத்தரவை நிறைவேற்ற வேண்டியவர்கள் அந்த ஊர்க்காரர்கள். குனிந்தால் கைக்கு எட்டும் பித்தளையை அவரே எடுத்துவிட்டார். ஏணி வைத்து, சாரம் கட்டி, கூலி கொடுத்துச் செய்ய வேண்டிய உச்சி வேலையை ஊரின் தலையில் கட்டிவிட்டுப் போனார்.

நாட்குறிப்பு முழுவதிலும் இதுதான் நடக்கிறது. டவ்சிங் ஒரு நாளில் பல ஊர்களுக்குப் போவார். ஒவ்வொரு ஊரிலும் கூரைவரை ஏற அவருக்கு நேரம் கிடையாது. எண்ணிக்கை போடுவார், கெடு வைப்பார், நகர்வார். ஆகவே அவர் எழுதிய எண்ணை அப்படியே அழிவின் எண்ணாக எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவோம். இதற்குப் பெரிய சாட்சி கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரி. 1643 டிசம்பர் 26 குறிப்பில் "ஆயிரம் மூடநம்பிக்கைப் படங்கள்" என்று எழுதியிருக்கிறார். அந்தப் பிரம்மாண்டமான பதினாறாம் நூற்றாண்டு வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் இன்றும் அப்படியே நிற்கின்றன. அதற்கு ஐந்து நாள் முன்பு, அதே நகரின் பீட்டர்ஹவுஸ் கல்லூரியில், இறக்கை விரித்த இரண்டு பெரிய தேவதூதர்களை "இழுத்துப் போட்டோம்" என்று எழுதினார். அங்கே வினைச்சொல் சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை.

அஃபர்டுக்குத் திரும்புவோம். கெடு போட்டாயிற்று, மாதங்கள் கடந்தன, ஒன்றும் நடக்கவில்லை. மே மாதத்தில் டவ்சிங் தன் ஆள் ஒருவரைப் பார்த்துவர அனுப்பினார். அவருக்கும் சாவி கிடைக்கவில்லை. கடைசியில் ஆகஸ்ட் 31-இல் அவரே வந்தார்.

இந்த ஊர்க்காரர்கள் மன்னருக்காக வாளெடுத்ததாகக் குறிப்பில் இல்லை. "உருவங்கள் வேண்டும்" என்று இறையியல் பேசியதாகவும் குறிப்பில் இல்லை. கேனமும் பிரவுனும் சொன்ன குற்றச்சாட்டைக் கவனித்தால் அது சொத்து பற்றிய பேச்சு. "தேவாலயத்தையே இடிக்கப் பார்த்தார், ஒரு பகுதியைத் தூக்கிக்கொண்டும் போய்விட்டார்" என்கிறார் பிரவுன். ஜனவரியில் பெயர்த்த அந்த ஆறு பித்தளைத் தகடுகள் அவர் மனதில் இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். தங்கள் தாத்தா பணம் போட்டுக் கட்டியது, தங்கள் தெருவின் சொத்து, எங்கிருந்தோ வந்தவர் எடுத்துப் போகிறார் என்ற கோபம். வெளிப்படையாக எதிர்த்தால் தண்டனை உண்டு. சாவியைக் காணோம் என்றால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

ஒருவழியாகக் கதவு திறந்தது. உள்ளே போனவர் என்ன செய்தார் என்று குறிப்பு நுணுக்கமாகவே சொல்கிறது. ஜனவரியில் விட்டுப்போன 37 படங்களில் சிலவற்றை உடைத்தார்கள். பலிபீடப் பகுதியில் ஒரு தேவதூதர், கண்ணாடியில் "ஆன்மாவுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்" என்ற மூன்று வாசகங்கள், முக்கோணத்துக்குள் வரைந்த திரித்துவம், கூரையில் 12 கேருபீன்கள், பெரிய எழுத்தில் ஏறத்தாழ நூறு "இயேசு மரியா" எழுத்துகள். ஆர்கன் பெட்டியை உடைத்து மரத்தை ஏழைகளுக்குக் கொடுத்தார்கள், விறகுக்காகத்தான் இருக்கும். நடுக்கூடத்தின் கூரையில் இன்னும் நூறுக்கு மேல் "இயேசு", "மரியா" பெயர்களும், 20-க்கு மேல் நட்சத்திரங்களும் இருந்தன.

அடுத்த வாக்கியம்தான் நான் பலமுறை திரும்பத் திரும்ப வாசித்தது. ஞானஸ்நானத் தொட்டியின் மேல் ஒரு மகிமையான மூடி இருக்கிறது, போப்பாண்டவரின் மூன்றடுக்குக் கிரீடம் போல. உச்சியில் ஒரு கூழைக்கடா தன் மார்பைக் கொத்திக்கொண்டிருக்கிறது. முழுவதும் பொன் பூசப்பட்டிருக்கிறது. அவ்வளவுதான். "உடைத்தோம்" இல்லை, "இறக்கச் சொன்னோம்" இல்லை, கெடு இல்லை. அந்த வாக்கியம் முடிந்ததும் பேச்சு சாவித் தகராறுக்குத் தாவிவிடுகிறது.

அந்த மூடி இன்றும் அஃபர்டில் இருக்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டு மர வேலை. உயரம் ஏறத்தாழ 18 அடி, கூரையை நோக்கிக் கூர்ந்துகொண்டே போகிற கோபுரம். கீழ்ப்பகுதியை மேலே தள்ளினால் மேற்பகுதியின் மீது வழுக்கி ஏறிக்கொள்ளும், அப்போது தொட்டி திறக்கும். முழு மூடியையும் தூக்க வேண்டியதில்லை. உச்சியில் டவ்சிங் பார்த்த அதே கூழைக்கடா. தன் குஞ்சுகளுக்குத் தன் ரத்தத்தையே ஊட்டும் பறவை என்று இடைக்கால ஐரோப்பா நம்பியது, ஆகவே அது கிறிஸ்துவின் பலியைக் குறிக்கும்.

டவ்சிங் அழகில் மயங்கி விட்டுவிட்டார் என்று ஊர்ப் பெருமையாகச் சொல்வதுண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. போப்பின் கிரீடத்தோடு ஒப்பிடுவது ஒரு பியூரிட்டன் வாயில் பாராட்டு அல்ல, வசை. "மகிமையான" என்ற சொல்லும் அவர் கையில் ஏளனமாகவே ஒலிக்கும். காரணத்தை மூடியிலேயே தேட வேண்டும். அதன் அடுக்குகளில் மாடக்குழிகள் இருக்கின்றன, அவற்றில் முதலில் நின்ற புனிதர் உருவங்கள் இல்லை. அவை முந்தைய நூற்றாண்டிலேயே போயிருந்தால், டவ்சிங் முன் நின்றது மாடங்களின் கூடு மட்டுமே. ஆணை தடைசெய்தது திரித்துவம், மரியாள், புனிதர், தேவதூதர் உருவங்களை. கூழைக்கடா இவற்றில் எதிலும் சேராது. அது ஒரு பறவை. டவ்சிங் சட்டத்தை எழுத்துக்கு எழுத்து பார்க்கிற ஆள். பிடிக்காத பொருள்தான், ஆனால் உடைக்க வாசகம் இல்லை. அதோடு இரண்டு மணி நேரம் வீணாகியிருந்தது, வெளியே கோபமான ஊர் நின்றது.

"முந்தைய நூற்றாண்டிலேயே" என்றேன். இங்கே பலரும் தடுக்கி விழுகிறார்கள். இங்கிலாந்தில் உருவங்களுக்கு முதல் பெரிய அடி விழுந்தது டவ்சிங்குக்கு ஒரு நூற்றாண்டு முன்பு, ஆறாம் எட்வர்ட் காலத்தில், 1547-க்குப் பின்னான சில ஆண்டுகளில். தனியாக நின்ற சிலைகளும், நடுவே உயர்ந்து நின்ற பெரிய சிலுவைத் தொகுதிகளும் அப்போதே பெரும்பாலும் போய்விட்டன. ஆகவேதான் டவ்சிங்கின் பட்டியலில் சிலைகள் அரிது. கண்ணாடி, கூரைத் தேவதூதர்கள், பித்தளை எழுத்து, கூரை உச்சிச் சிலுவை இவையே திரும்பத் திரும்ப வருகின்றன. மரத்தடுப்பில் வரைந்த புனிதர்களின் கண்ணும் வாயும் மட்டும் ஆணியால் கீறப்பட்டிருந்தால், டவ்சிங் செய்தார் என்று சொல்ல அவசரப்படக்கூடாது. அவருடைய குறிப்புகள் அந்த மாதிரி வேலையைப் பற்றிப் பேசுவது குறைவு.

பித்தளைத் தகடுகளில் வேறு கதை. பல பழைய ஆலயத் தரைகளில், கல்லறைப் பலகை ஒன்றில் பித்தளையால் ஆன ஒரு மனித வடிவம் முழுசாகக் கிடக்கும்: கைகூப்பிய ஒரு வியாபாரி, பக்கத்தில் மனைவி. அவர்கள் காலடியில் மட்டும் ஒரு நீள்சதுரப் பள்ளம். விரலை விட்டால் அரை அங்குல ஆழம்கூட இருக்காது. அடியில் கருத்த கீலின் மிச்சம், ஈயம் ஊற்றி இறுக்கிய ஆணிகளின் முனை. அந்தப் பள்ளத்தில் இருந்தது "இன்னாரின் ஆன்மாவுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்" என்ற லத்தீன் வாசகம். ஆணையின் விலக்கு இங்கே வேலை செய்கிறது. வியாபாரி புனிதர் அல்ல, ஆகவே அவர் உருவம் தப்பித்தது. இறந்தவருக்காக ஜெபிக்கச் சொல்வது மூடநம்பிக்கை, ஆகவே எழுத்து போனது. உருவ உடைப்பு என்கிறோம், ஆனால் இங்கே உருவம் இருக்கிறது, எழுத்துதான் இல்லை. யார் அந்த மனிதர் என்று இன்று சொல்ல முடியாமல் போனதும் அதனால்தான். பெயர்த்த பித்தளை எடைக்கு விலை போகும் பொருள் என்பதையும் மறக்கக்கூடாது. இதே வெறுங்கல்லைப் பிற்காலத் திருடர்களும் உண்டாக்கியிருக்கிறார்கள். உருவமும் எழுத்தும் சேர்ந்தே காணாமல் போயிருந்தால் அது திருட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். எழுத்து மட்டும் போயிருந்தால் சட்டத்தின் கை.

காயத்தைப் பார்த்து ஆளைச் சொல்வது எவ்வளவு ஆபத்து என்பதற்கு பிளைபரோ நல்ல உதாரணம். அதே மாவட்டத்தில், சதுப்பு நிலத்தின் ஓரத்தில் நிற்கும் பெரிய ஆலயம். 1644 ஏப்ரலில் அங்கே டவ்சிங் 20 கேருபீன்களை இறக்கச் சொன்னார், மேலும் 200-க்கு மேற்பட்ட படங்களுக்கு எட்டு நாள் கெடு வைத்தார். கூரையின் மரத் தேவதூதர்கள் இறக்கை விரித்தபடி இன்றும் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் உடலில் ஈயக் குண்டுகள் பாய்ந்திருக்கின்றன. ஏணி எட்டாததால் டவ்சிங்கின் ஆட்கள் துப்பாக்கியால் சுட்டார்கள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தார்கள், பார்க்க வந்தவர்கள் எல்லாம் நம்பினார்கள். 1970-களில் பழுதுபார்க்கும்போது குண்டுகளை எடுத்துச் சோதித்தார்கள். அவை பதினெட்டாம் நூற்றாண்டின் குண்டுகள். அதே காலத்து ஆலயக் கணக்கேட்டில், உள்ளே கூடு கட்டிய காக்கை இனப் பறவைகளைச் சுட மருந்தும் குண்டும் வாங்கிய செலவு பதிவாகியிருந்தது. இங்கிலாந்தில் மூக்கு உடைந்த சிலை எதைப் பார்த்தாலும் உள்நாட்டுப் போரின் நாடாளுமன்றத் தளபதி கிராம்வெல் மீது பழி போடுவது வழக்கம். பறவை விரட்டியவரையோ, "புதுப்பிக்கிறேன்" என்று பழையதைப் பிய்த்து எறிந்த விக்டோரியா காலத்துப் பாதிரியாரையோ யாரும் நினைப்பதில்லை.

சஃபோக்கின் கிளேர் ஊரில் இன்னொரு மாதிரி. 1644 ஜனவரி 6-இல் அங்கே ஆயிரம் படங்களை உடைத்ததாகவும், அதில் 200-ஐத் தானே உடைத்ததாகவும் எழுதுகிறார். கடைசியில், கிழக்குச் சாளரத்தில் அரச முத்திரைக்குப் பக்கத்தில் இருக்கும் சூரியனையும் சந்திரனையும் இறக்க வேண்டும் என்று ஒரு வரி. ஆயிரம் படங்கள் போன சாளரங்களில், அந்தச் சூரியனும் சந்திரனும் மட்டும் இன்றும் எரிகின்றன. பக்கத்தில் இருந்தது மன்னரின் முத்திரை. கூடவே இது "உடைத்தோம்" அல்ல, "இறக்க வேண்டும்" வகை. ஒரு கண்ணாடிக்காரரைக் கூப்பிட்டு, ஈயச் சட்டத்தைப் பிரித்து, வெற்றுக் கண்ணாடி வாங்கிப் பொருத்த யார் காசு கொடுப்பது என்று ஊர் இழுத்தடித்திருக்கலாம். கண்ணாடியை உடைப்பது இலவசம், உடைத்த ஓட்டையை அடைப்பதற்குத்தான் செலவு.

டவ்சிங்கின் வேலை 1644 இலையுதிர் காலத்தோடு நின்றுவிட்டது. மன்னராட்சி 1660-இல் திரும்பிய பிறகும் அவர் உயிரோடு இருந்தார், 1668-இல் இறந்தார். அஃபர்டின் கூரையில் எத்தனை "இயேசு", "மரியா" எழுத்துகள் இருந்தன, என்ன அளவு எழுத்து, எத்தனை நட்சத்திரம் என்று இன்று நமக்குத் தெரிவது அவர் எழுதி வைத்ததால்தான். தங்கள் கூரையை அண்ணாந்து பார்த்து எண்ணிவைக்க அந்த ஊரில் யாருக்கும் அதற்கு முன் தோன்றவில்லை.

அவர் பிறந்தது லாக்ஸ்ஃபீல்ட் என்ற ஊரில். 1644 கோடையில் சொந்த ஊர் ஆலயத்துக்கும் போனார். கோபுரத்தடியில் இரண்டு கல் தேவதூதர்கள், சிலுவைகள், பித்தளை வாசகங்கள், கண்ணாடியில் ஒரு கிறிஸ்து உருவம், சுவிசேஷகர்களைக் குறிக்கும் கழுகும் இறக்கை முளைத்த சிங்கமும், எல்லாவற்றுக்கும் 20 நாள் கெடு. பட்டியல் நீளமானது, ஆனால் அதில் ஒன்று இல்லை. அந்த ஆலயத்தின் ஞானஸ்நானத் தொட்டி பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது, பக்கத்துக்கு ஒன்றாகக் கத்தோலிக்கத் திருச்சபையின் ஏழு திருவருட்சாதனச் சடங்குகளையும் கல்லில் செதுக்கியது. பாவசங்கீர்த்தனமும் அவஸ்தைப் பூசுதலும் பட்டவர்த்தனமாக இருக்கும் அந்தத் தொட்டி இன்றும் அங்கேயே நிற்கிறது. குழந்தை டவ்சிங்குக்கு 1596-இல் ஞானஸ்நானம் கொடுத்தது அதில்தான் இருக்க வேண்டும்.